பொருள் தானே பேசும்

அவளோடு காப்பிக்கடைக்குப் போனால் முதல் மரியாதை மேசைக்குத்தான். பையை இறக்கி வைப்பதற்கு முன்னால் விரல் முட்டியால் மேசையை இரண்டு தட்டு தட்டுவாள். அப்புறம் குனிந்து, காதை அதன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, கோயில் குருக்கள் குரலில் நீட்டி முழக்குவாள்: "ரெஸ் இப்ஸா லோக்விட்டர்! பேசு தாயி, பேசு!"

பக்கத்து மேசைச் சீனத் தாத்தாக்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். அவளுக்கு அப்படி ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

"ஒண்ணும் பேசலடி. அந்த லத்தீன்காரன் நல்லா ஏமாத்திட்டான் லா" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரை உறிஞ்சுவாள்.

நாங்கள் இருவரும் சட்டம் படித்துக்கொண்டிருந்தோம். நான் லிட்டில் இந்தியாவில், டன்லப் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு மரைக்காயரின் மகள். அவள் தீவின் வடக்கே இருக்கும் ஈசூன்காரி. வகுப்பில் எங்களைத் தவிர தமிழ் பேசுகிறவர்கள் யாரும் இல்லை என்பதால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தோம். பிறகு விலக முடியவில்லை.

சட்டத்தில் லத்தீன் வாசகங்கள் நிறைய உண்டு. இரண்டு மூன்று சொற்களில் ஒரு கொள்கையை அடக்கி வைத்திருப்பார்கள். ரெஸ் இப்ஸா லோக்விட்டர் என்றால் பொருள் தானே பேசும் என்று அர்த்தம். மாடியிலிருந்து ஒரு பீப்பாய் உருண்டு வந்து தெருவில் போகிறவன் தலையில் விழுகிறது. யார் தள்ளினார்கள், எப்படி விழுந்தது என்று அடிபட்டவனுக்குத் தெரியாது. பீப்பாய்கள் சும்மா விழுவதில்லை, யாரோ கவனக்குறைவாக இருந்திருக்கிறார்கள் என்று அந்த விழுந்த பீப்பாயே சொல்கிறது அல்லவா, அதுதான் விஷயம்.

நாங்கள் எல்லாரும் இதை மனப்பாடம் செய்தோம். அவள் மட்டும் கேலி செய்தாள். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு ராகம் வைத்திருந்தாள். எம்ஆர்டி ரயில் கதவு மூடும்போது ஒன்று, மின்தூக்கி ஆளில்லாமல் வந்து திறந்தால் ஒன்று. "செத்துப்போன பாஷை. செத்துப்போனவங்க சொன்னது. அதை வச்சிக்கிட்டு உசிரோட இருக்கறவங்க சண்டை போடுறோம். யோசிச்சுப் பாரேன், பயமா இல்ல?" என்பாள். எனக்குப் பயமாக இல்லை, பரீட்சைதான் பயமாக இருந்தது.

அவளுடைய கேலியில் ஏதோ ஒன்று சரியில்லை என்று முதலில் எனக்குப் பட்டது புகைமூட்ட நாட்களில்தான். சுமத்ராவில் காடு எரிந்து ஊரே சாம்பல் வாசனையாகக் கிடந்தது. நடுப்பகலில் சூரியன் ஆரஞ்சுப் பழமாகத் தொங்கியது. எல்லாரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு போனதில் நூலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. நாங்கள் தண்ணீர் எடுக்கப் போனபோது அவள் வழக்கம்போல பான இயந்திரத்தைத் தட்டினாள். வழக்கம்போல மந்திரம் சொன்னாள். காதை வைத்தாள்.

நான் சிரிக்கத் தயாராக நின்றேன். அவள் நிமிரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, கன்னத்தை அந்த இரும்பில் நன்றாக அழுத்திக்கொண்டு நின்றாள். அடுப்படியில் இருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தால் நாம் அப்படியே நின்று காதைக் கொடுப்போமே, அப்படி ஒரு நிற்றல்.

"என்னடி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. மோட்டார் சத்தம்" என்றாள். அந்த இயந்திரத்தில் பழுது என்று சீட்டு ஒட்டியிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். மின்சார வயரையும் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்கு நான் போனது அதற்கப்புறம். ஈசூனில் மூன்று அறை அடுக்குமாடி வீடு. கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் மஞ்சள் நிறப் பாதுகாப்புத் தலைக்கவசம் தொங்கியது. ஒரு கீறல்கூட இல்லாமல் புதிதுபோல இருந்தது.

"அப்பாவோடது. கிடங்குக்காரங்க திருப்பிக் கொடுத்தாங்க" என்றாள். அவ்வளவுதான். மீதியை அவளுடைய அம்மா சொன்னார்.

அவள் அப்பாவுக்குச் சொந்த லாரி. யாருக்கும் ஊழியர் கிடையாது, அதனால் வேலையில் அடிபட்டால் தானாகக் கிடைக்கும் இழப்பீடு அவருக்குப் பொருந்தாது. சாங்கிப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் லாரியில் பெட்டி ஏற்றும்போது கிரேனிலிருந்து பெட்டி நழுவி அவர்மேல் விழுந்து, அங்கேயே இறந்துபோனார். கிரேன் கிடங்குக்காரர்களுடையது. அதை ஓட்டிய ஆட்கள் வேறொரு கம்பெனி. கிரேன்தான் சரியில்லை என்று ஓட்டிய கம்பெனி சொன்னது, ஆட்கள்தான் சரியில்லை என்று கிடங்குக்காரர்கள் சொன்னார்கள். பெட்டி ஏன் நழுவியது என்று விசாரணையில் உறுதியாகத் தெரியவில்லை. கிரேன் பொத்தானைக் கையில் வைத்திருந்த பையன் தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

"வக்கீலப் போய்ப் பாத்தோம் மா. காரணமே தெரியாம ரெண்டு கம்பெனி மேலயும் கேஸ் போட்டு, தோத்தா அவங்க செலவும் நம்ம தலையில, யோசிச்சுக்குங்கன்னுட்டாரு" என்றார் அம்மா. "மூணு வருஷத்துக்குள்ள போடணுமாம். இந்தா, இந்த தீபாவளியோட முடியுது."

அவள் உள்ளேயிருந்து ராகம் போட்டாள். விழித்திருப்பவர்களுக்கே சட்டம் உதவும், தூங்குகிறவர்களுக்கு அல்ல என்கிற வாசகம் அது. "எங்கம்மா மாத்திரை போட்டும் தூங்கறதில்ல. இதுக்கு மேலயும் எப்படி முழிச்சிருக்கறது, அந்த லத்தீன்காரனைக் கேட்டுச் சொல்லு" என்றாள்.

அவள் எதைக் கேலி செய்துகொண்டிருந்தாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அழுகையாக வந்தது. நான் கிளம்பும்போது அவள் கதவைத் திறக்கிற சாக்கில் தலைக்கவசத்தின் பக்கம் ஒரு நொடி தலையைச் சாய்த்ததையும் பார்த்தேன். அதைத் தட்டவும் இல்லை, மந்திரமும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு எழுத்துத் தேர்வில் இருவரும் சறுக்கினோம். கொஞ்ச மதிப்பெண்ணில் சறுக்கியவர்களுக்கு வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. நாங்கள் வைவா என்போம். அதிலும் தவறினால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டிரண்டு பேராக உள்ளே கூப்பிடுவார்கள். ஒருவர் பதில் சொல்லும்போது இன்னொருவர் சுவரோரமாக உட்கார்ந்திருக்கலாம். கேள்விகள் கவிழ்த்துப் போட்ட அட்டைகளில் இருக்கும். நாமே ஒன்றை எடுக்க வேண்டும்.

தேர்வன்று காலை பத்து மணிக்கு வெளியே விளக்குப் போடவேண்டிய அளவுக்குப் புகை. தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர் தலை நரைத்த வெள்ளைக்காரர், மற்றவர் சீனப் பெண்மணி. இருவருக்கும் தமிழ் தெரியாது. அவள் ஒரு அட்டையை எடுத்தாள், திருப்பினாள், வாசித்தாள். வாசித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

கேள்வி இதுதான். ஒரு கிடங்கு. கிரேனிலிருந்து சரக்கு விழுந்து, வெளியாளான ஒரு லாரி ஓட்டுநர் இறந்துபோகிறார். ஏன் விழுந்தது என்று தெரியவில்லை. அவருடைய குடும்பம் என்ன செய்யலாம்?

இது பாடப்புத்தகக் கேள்விதான். சர்க்கரை மூட்டை விழுந்த ஒரு பழைய ஆங்கில வழக்கிலிருந்து வருவது, எல்லாக் கல்லூரிகளிலும் கேட்பார்கள். அப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

அவள் போகவில்லை. "ரெஸ் இப்ஸா லோக்விட்டர்" என்று ஆரம்பித்தாள். ராகம் இல்லை. அந்த வாசகத்தை ராகமில்லாமல் அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இது மந்திரம் இல்லை" என்று ஆங்கிலத்தில் தொடர்ந்தாள். "மூன்று நிபந்தனை உண்டு. விழுந்த பொருள் பிரதிவாதியின் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். கவனக்குறைவு இல்லாவிட்டால் சாதாரணமாக இப்படி நடக்காது என்றிருக்க வேண்டும். உண்மையான காரணம் தெரியாமல் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் கவனக்குறைவு என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். ஊகம்தான், தீர்ப்பு இல்லை. நிரூபிக்கும் பொறுப்பு கடைசிவரை குடும்பத்திடம்தான் இருக்கும். தங்கள் கவனக்குறைவு இல்லாமலே இப்படி நேர்ந்திருக்க முடியும் என்று பிரதிவாதி காட்டிவிட்டால் ஊகம் கலைந்துவிடும்."

பெண்மணி பேனாவால் மேசையைத் தொட்டார். "கிரேன் ஒரு கம்பெனியுடையது, ஓட்டியவர்கள் இன்னொரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம்."

அட்டையில் அது இல்லை. தேர்வாளர்கள் கேள்வியை இப்படித் திருகிப் பார்ப்பது வழக்கம்தான். இருந்தாலும் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அவள் வீட்டில் அம்மா இருக்கிறார், ஆணியில் தலைக்கவசம் இருக்கிறது, சரியான பதிலோ அவர்களுக்கு எதிரானது. தப்பாகச் சொன்னால் படிப்புப் போய்விடும். "அப்படியானால் முதல் நிபந்தனை நிற்காது. யார் கட்டுப்பாடு என்று தெரியாதபோது யாருடைய கவனக்குறைவு என்று ஊகிக்க முடியாது. அந்தப் பொருள் பேசாது" என்றாள்.

"ஓட்டுநருக்கு ஆபத்து தெரியும். சரக்குக்குக் கீழே நிற்காதே என்று பலகை இருக்கிறது. தெரிந்தே போனார்" என்றார் வெள்ளைக்காரர்.

அது வொலென்டி என்கிற வாசகம். தானே விரும்பி ஆபத்தை ஏற்றவன் அநீதி என்று புகார் சொல்ல முடியாது. அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "தெரிந்திருப்பது வேறு, சம்மதிப்பது வேறு. ஆபத்து இருப்பது தெரிந்ததால் மட்டும் அதற்கு அவர் சம்மதித்தார் என்று ஆகாது. அடிபட்டாலும் கேட்கமாட்டேன் என்று சுதந்திரமாக, முழு மனதோடு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வேலை முடியாமல் லாரியை எடுக்க முடியாது என்கிற நிலைமையில் இருப்பவனுக்கு அந்தச் சுதந்திரம் எங்கே இருக்கிறது? அதிகபட்சம் அவர் பங்குக்கும் கவனக்குறைவு உண்டென்று இழப்பீட்டைக் குறைக்கலாம். வழக்கையே தள்ள முடியாது."

வெள்ளைக்காரர் தலையசைத்தார். அவள் மூச்சு விட்டாள். அதற்கப்புறம்தான் அது நடந்தது.

அவள் தலையை இலேசாகச் சாய்த்தாள். கன்னம் மேசையின் பக்கம் போயிற்று. தேர்வாளர்களைப் பார்க்காமல், தணிந்த, கொஞ்சம் கரகரத்த குரலில், தமிழில் ஒரு வாக்கியம் சொன்னாள்.

"மேல பாரு பாப்பா, கொக்கித் தடுப்ப ராஃபியா கயித்துல கட்டி வச்சிருக்கானுங்க."

"மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?" என்றார் பெண்மணி.

அவள் விழித்தாள். "கட்டுப்பாடு இல்லாவிட்டால் நேரடிச் சாட்சியம் வேண்டும் என்று சொன்னேன்" என்றாள் ஆங்கிலத்தில். அவள் பொய் சொல்லவில்லை. அதைத்தான் சொன்னதாக உண்மையிலேயே நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அத்தனை நாள் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

பெண்மணி என் பக்கம் திரும்பினார். "உங்கள் மொழிதானே அது?"

நான் மொழிபெயர்த்தேன். பாப்பா என்கிற சொல்லை விட்டுவிட்டேன், யாரைச் சொல்கிறாள் என்று எனக்கே விளங்காததால். கடைக்குச் சரக்கு இறக்கும்போது பார்த்திருந்ததை வைத்து, கொக்கியின் வாயில் ஒரு சின்ன இரும்புத் தடுப்பு இருக்கும், பெட்டியைச் சுற்றிய பெல்ட் தொய்ந்தாலும் கழன்று விடாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும், அதைத் திறந்தே இருக்கும்படி ராஃபியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"கேள்வியில் அது இல்லையே" என்றார் வெள்ளைக்காரர். "சரி, இருந்தால்? உங்கள் லத்தீன் வாசகம் என்ன ஆகும்?"

அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். "காரணம் தெரிந்துவிட்டால் வாசகத்துக்கு வேலை இல்லை. மூன்றாவது நிபந்தனை போய்விட்டது. இனி யார் கட்டினார்கள் என்று நேராகவே நிரூபிக்க வேண்டியதுதான். பொருள் பேசவேண்டிய தேவை முடிந்துவிட்டது."

இருவரும் தேறினோம். என்னை என்ன கேட்டார்கள், நான் என்ன உளறினேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை.

மின்தூக்கியில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன சொன்னேன்? அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாத."

சொன்னேன், பாப்பாவையும் சேர்த்து.

"அம்மா என்னை அப்படிக் கூப்பிடாது. ஒரே ஒரு ஆளுதான் கூப்பிடும்" என்றாள். மின்தூக்கி கீழே வந்து திறந்து, நாங்கள் இறங்காததால் மறுபடி மூடிக்கொண்டது.

கிரேன் பொத்தானைப் பிடித்திருந்தவனைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேடினால் கிடைக்காத ஊர்க்காரன் உண்டா? என் அத்தாவின் கடைக்குச் சிம் அட்டை வாங்க வருகிற பையன்கள் மூலம் விசாரித்தோம். அவன் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு வேறு இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ரேஸ்கோர்ஸ் ரோட்டோரப் புல்வெளியில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான். அவள் யார் மகள் என்று சொன்னதும் எழுந்து நின்றான்.

"அக்கா, நான் அப்பவே சொல்லிட்டேன், எதையும் பாக்கல" என்றான்.

அவள் வாதாடவில்லை, மிரட்டவும் இல்லை. "கொக்கித் தடுப்ப ராஃபியா கயித்துல கட்டினது யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் கைப்பேசியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் அதை நிறுத்தினான்.

"உங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"நீ சொல்லு."

"எங்க சூப்பர்வைசர்தான். ஒவ்வொரு தடவையும் தடுப்ப அமுக்கித்தான் பெல்ட்ட மாட்டணும், கழட்டணும். நேரமாவுதுன்னு கட்டிட்டாரு. அன்னிக்கு பெட்டி லாரி விளிம்புல தட்டிச்சு, பெல்ட்டு தொய்ஞ்சிச்சு, கழண்டிருச்சு. ஆபீசருங்க வர்றதுக்குள்ள கயித்த அவரே அறுத்துட்டாரு. வேலை பெர்மிட்ட கட் பண்ணி ஊருக்கு அனுப்பிருவேன்னாரு. எனக்கு ஏஜென்ட் கடன் இருந்துச்சுக்கா." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கயித்தப் பாத்தது நான், சூப்பர்வைசர், அப்புறம் அந்த அண்ணன். மூணே பேருதான். அண்ணன் லாரி மேல நின்னுக்கிட்டு எங்கிட்ட சொன்னாரு, மேல பாரு தம்பி, கொக்கித் தடுப்ப ராஃபியா கயித்துல கட்டி வச்சிருக்கானுங்கன்னு. நிறுத்தச் சொல்லிக் கத்துனாரு. பின்னால லாரிங்க நிக்குது, சீக்கிரம் புடின்னு சூப்பர்வைசர் வஞ்சாரு. அண்ணன் பெட்டியப் புடிக்கக் கைய நீட்டுனாரு."

வெயில் மங்கலாக இருந்தது. அவ்வளவு சனத்துக்கு நடுவில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு சொல்தான் மாறியிருந்தது. அவர் தம்பி என்று சொன்னதை அவள் பாப்பா என்று கேட்டிருந்தாள்.

இந்தத் தடவை அவன் சாட்சி சொன்னான். பயந்துகொண்டேதான் சொன்னான், ஆனாலும் சொன்னான். கெடு முடிவதற்குள் வழக்கு பதிவாகிவிட்டது. எதிர்த்தரப்பு அவள் எதிர்பார்த்த இடத்திற்கே வந்தது. கயிறு கட்டியிருந்ததைப் பார்த்தாரே, தெரிந்தே தானே கை நீட்டினார், வொலென்டி என்றார்கள். அவள் வக்கீலின் அறையில் உட்கார்ந்து, தேர்வறையில் சொன்னதையே திரும்பச் சொன்னாளாம். தெரிந்திருப்பது வேறு, சம்மதிப்பது வேறு. அவர் நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார், அதற்குப் பெயர் சம்மதமா? வக்கீல் அதை அப்படியே எழுதி அனுப்பினார். விசாரணை நாள் வருவதற்கு முன்பே அந்தக் கம்பெனி தவற்றை ஒப்புக்கொண்டு இறங்கி வந்தது.

அன்று சாயங்காலம் நான் ஈசூனுக்குப் போனேன், அத்தா கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தோடு. அம்மா கூடத்துச் சோபாவிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். விளக்குப் போட்டும் எழவில்லை, நான் பேசியும் எழவில்லை. அப்படி ஒரு தூக்கம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசம் மடியில் இருந்தது. விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள், காதை வைத்தாள், காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"எல்லாத்துலயும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு டி. மேசையில, அந்த மிஷின்ல, இதுல. வார்த்தை புரியாது. அப்பா குரல் மட்டும் கேக்கும். அதான் கேலி பண்ணிக்கிட்டே இருந்தேன், இல்லன்னா பைத்தியம் பிடிச்சிருக்கும்."

"இப்ப?"

அவள் தலைக்கவசத்தைக் கையில் எடுத்து, திருப்பி, உள்ளே பார்த்தாள்.

"மூணாவது கண்டிஷன நான்தானே சொன்னேன்" என்றாள். "காரணம் தெரிஞ்சிருச்சு. இனிமே பேசமாட்டாரு."